ஜன்னல் மூலையிலிருந்து மேலே ஏறும் விரிசல்: பட்டி பார்த்தால் போதுமா, எஞ்சினியரைக் கூப்பிட வேண்டுமா?

வாசுகி, கோவில்பட்டி | 28 மே 2023, இரவு 9:10

படம் 1 பாருங்கள். படுக்கையறைச் சுவர். ஜன்னலுக்கு மேலே சாய்வாக ஒரு விரிசல். 1998-இல் அப்பா கட்டிய வீடு. செங்கல் சுவர், கான்கிரீட் தளம், மாடி கிடையாது. ஏற்கெனவே கொத்திப் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த இடத்திலேயே மறுபடியும் வந்திருக்கிறது. பெயின்டர் அண்ணாச்சி இது மேல்பூச்சு விரிசல்தான் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வீடு இறங்குகிறது என்கிறார். யார் சொல்வது சரி?

தூரிகை மணி | 28 மே, இரவு 9:42

நானும் பெயின்ட் வேலைதான், இருபது வருஷமாக. பயப்படாதீங்க மேடம். தளம் போட்ட வீடு, வெயிலுக்கு மேல்தளம் விரியும், சுவரைத் தள்ளும், விரிசல் வரும். தூத்துக்குடிப் பக்கம் பாதி வீட்டில் இது இருக்கிறது. மொட்டை மாடியில் வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்துவிட்டு, விரிசலை V மாதிரி கீறி, நல்ல பேஸ்ட் வைத்து, மேலே ஃபைபர் டேப் ஒட்டினால் முடிந்தது.

ஓய்வு_ஏ.இ | 29 மே, காலை 6:15

பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். மணி சொல்வது நடக்கக்கூடிய விஷயம்தான். ஆனால் இந்தப் படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது. விரிசலை மட்டும் நெருங்கிப் போய் எடுத்திருக்கிறீர்கள் அம்மா. எவ்வளவு அகலம் என்று தெரியவில்லை, வீட்டின் மூலை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கீழே சொல்கிறபடி எடுத்துப் போடுங்கள்.

தரையிலிருந்து தளம் வரை, சுவரின் இரண்டு மூலையும் தெரிய, நேராக நின்று ஒரு படம். பக்கத்தில் டார்ச் பிடித்து எடுக்காதீர்கள், தலைமுடி அளவு கோடுகூட வாய்க்கால் மாதிரி தெரியும். நேரெதிரே ஃபிளாஷ் போட்டால் இருப்பதும் மறைந்துவிடும். பகல் வெளிச்சம் போதும். அப்புறம் விரிசலின் மேல் முனை, நடு, கீழ் முனை மூன்றிலும் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு படம். கடைசியாக இதே சுவரின் வெளிப்புறம்.

ரவி_அண்ணாநகர் | 29 மே, காலை 8:30

எனக்கும் இதே பிரச்சினை! சென்னையில் அடுக்குமாடி, 2-ஆவது தளம். ஹாலில் மேலிருந்து கீழ் வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர் விரிசல். வீட்டை விற்றுவிடலாமா என்று மனைவி கேட்கிறாள்.

ஓய்வு_ஏ.இ | 29 மே, காலை 8:51

ரவி சார், இது வேறு. தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடம் அது. கான்கிரீட்டும் செங்கலும் வெயிலுக்கு ஒரே அளவில் விரிவதில்லை. பூசும்போது அந்த இணைப்பின் மேல் கோழிவலை அடித்திருந்தால் வந்திருக்காது. விற்க வேண்டாம்.

வாசுகி | 30 மே, மாலை 5:20

படம் 2 முதல் 6 வரை போட்டிருக்கிறேன். சுவர் மேற்குப் பார்த்தது. அறைக்குள் நின்று பார்த்தால் வலது கைப்பக்கம் வீட்டின் வடமேற்கு மூலை. ஜன்னலின் வலது மேல் முனையில் தொடங்கும் விரிசல், அந்த மூலையைப் பார்த்து ஏறித் தளத்தைத் தொடுகிறது. ஸ்கேலில் மேலே 4 மி.மீ., ஜன்னல் பக்கத்தில் 1 மி.மீ.கூட இல்லை. வெளியேயும் அதே இடத்தில் இருக்கிறது. அங்கே செங்கல் வரிசையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறுகிறது.

ஓய்வு_ஏ.இ | 30 மே, இரவு 7:05

இப்போது பேசலாம். உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் இருப்பதால் பூச்சு என்ற பேச்சு முடிந்தது. பூச்சு விரிசல் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். பெரும்பாலும் சிலந்திவலை மாதிரி நாலு திசையிலும் ஓடும், தட்டினால் பொக்கென்று சத்தம் கேட்கும்.

அடுத்தது மணி சொன்ன தளம் விரிவது. இப்போது கோடையில் தெரிகிறது என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் திசையைப் பாருங்கள். தளம் வெளியே தள்ளினால் சுவரின் மேல்பாகம்தான் மூலைப் பக்கம் நகரும். அப்போது வரும் சாய்வு விரிசல் மேலே அறையின் உள்பக்கமாக ஆரம்பித்து, மூலையை நோக்கி இறங்கும். இல்லையென்றால் தளத்துக்குக் கீழேயே படுக்கைக் கோடாக ஓடும். இங்கே நேர்மாறாக மூலையை நோக்கி ஏறுகிறது.

கொத்தனார்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த ஒரு வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே, செங்குத்தாக, கீழ்நோக்கி ஒரு கோடு இழுங்கள். அது எந்தப் பக்கம் போய் விழுகிறதோ அந்தப் பக்கம் இறங்கியிருக்கும். உங்கள் படத்தில் அது வடமேற்கு மூலையில் போய் விழுகிறது. மேலே அகலம், கீழே குறுகல் என்பதும் அந்த மூலை வெளிப்பக்கமாகச் சாய்ந்து இறங்குவதோடு ஒத்துப்போகிறது. வெளிப்புறப் படத்தில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும், குழம்ப வேண்டாம்.

தூரிகை மணி | 30 மே, இரவு 8:00

ஐயா, 4 மி.மீ.க்கே வீடு இறங்குதுன்னு சொல்லிடலாமா? 5 மி.மீ.க்கு மேலேதான் ஆபத்துன்னு எஞ்சினியர் ஒருத்தர் எங்கிட்ட சொல்லியிருக்கார்.

ஓய்வு_ஏ.இ | 30 மே, இரவு 8:22

எந்த மூலை இறங்கியது என்று சொன்னேன், வீடு விழப்போகிறது என்று சொல்லவில்லை மணி. அகலத்தை வைத்து ரிப்பேர் செலவைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம். ஆனால் பத்து வருஷமாக அசையாமல் நிற்கும் 6 மி.மீ. விரிசலைவிட, போன மாசம் அரையாக இருந்து இந்த மாசம் 2 ஆன விரிசல்தான் எனக்குக் கவலை. அதை எந்த ஒற்றைப் படமும் காட்டாது.

வாசுகி அம்மா, மூன்று கேள்வி. மண் கரிசல்தானே? அந்த மூலைக்கு வெளியே என்ன இருக்கிறது? பழைய பட்டி வேலை எந்த மாசத்தில் நடந்தது?

வாசுகி | 31 மே, காலை 10:40

கரிசல்தான். மூலையிலிருந்து நாலு மீட்டர் தள்ளி ஒரு வேப்பமரம், தங்கை பிறந்தபோது வைத்தது, வீட்டைவிட உயரம். தென்கிழக்கில் சமையலறை, பாத்திரம் கழுவும் தண்ணீர் அங்கே இருக்கும் வாழைக்குப் போகிறது. பட்டி வேலை எப்போதுமே பொங்கலுக்கு முன்னால்தான். வெள்ளையடிக்கிறதே அப்போதுதானே?

ஓய்வு_ஏ.இ | 31 மே, காலை 11:15

இந்தப் பொங்கலில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் ஊரில் மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. கரிசல் தண்ணீர் குடித்து உப்பியிருக்கும், மூலை மேலே வந்திருக்கும், விரிசல் மூடியிருக்கும். மார்கழியில் வரும் பெயின்டர் தலைமுடிக் கோட்டைத்தான் பார்க்கிறார். அவர் கண்ணில் பட்டது பூச்சு விரிசல்தான். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து சுருங்க, அதே கோடு திறக்கிறது.

தூரிகை மணி | 31 மே, பகல் 12:03

இதைக் கேட்டதும் எனக்கு நாலைந்து வீடு ஞாபகம் வருது. அந்த வீடுகளுக்கு ஆடியில் போய்ப் பார்க்கணும். ஆனா ஒண்ணு, வாயு மூலையில் மரம் வெச்சா இப்படித்தான் ஆகும்னு வாஸ்துக்காரர் சொல்லுவாரே!

ஓய்வு_ஏ.இ | 31 மே, பகல் 12:10

மரம் அக்னி மூலையில் இருந்தால் அக்னி மூலை இறங்கியிருக்கும்.

நிலா_ஸ்ட்ரக்சுரல் | 2 ஜூன், இரவு 10:30

கோவையில் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். ஐயா சொன்ன திசைக் கணக்கு சரி. ஒன்றைச் சேர்க்க வேண்டும். வீடு முழுவதும் ஒன்றாக ஏறி இறங்கினால் விரிசலே வராது. இங்கே தென்கிழக்கு மண்ணை வாழைத் தண்ணீர் வருஷம் முழுக்க ஈரமாக வைத்திருக்கிறது. வடமேற்கில் வேம்பு இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சுகிறது. ஒரு பக்கம் நிலையாக நிற்க, மறுபக்கம் மட்டும் ஏறி இறங்குகிறது.

இனி அளந்து பார்ப்போம். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்க்ரூ, அந்தப் பக்கம் ஒரு ஸ்க்ரூ, பூச்சில் இல்லாமல் செங்கலுக்குள் பிளக் வைத்து முறுக்குங்கள். இரண்டுக்கும் நடுவே சுமார் 10 செ.மீ. இருக்கட்டும். ஸ்க்ரூ தலைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை டிஜிட்டல் வெர்னியரில் அளந்து, நோட்டில் தேதியோடு எழுதுங்கள். மாதம் ஒரு தடவை, எப்போதும் காலையில். முதல் நாள் மட்டும் காலை 6 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அளக்கவும். தளம் சூடாகித் தள்ளுகிற விரிசல் என்றால் அந்த ஒரே நாளிலேயே கண்டுகொள்ளும்படி மாறும்.

ரவி_அண்ணாநகர் | 3 ஜூன், காலை 7:15

கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்தால் உடைகிறதா என்று பார்க்கலாமே? எங்கள் தாத்தா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

நிலா_ஸ்ட்ரக்சுரல் | 3 ஜூன், காலை 9:00

செய்யலாம், ஆனால் அசைந்ததா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு, எந்தப் பக்கம், திரும்பி மூடியதா என்று சொல்லாது. மூடும்போதும் உடையும். பூச்சின் மேல் ஒட்டினால் பூச்சு பெயர்ந்து கண்ணாடி முழுசாகவே கையோடு வந்துவிடுவதும் உண்டு.

வாசுகி | 11 ஜூன், இரவு 8:45

அந்த இடத்தில் பூச்சை ஒரு சாண் அகலத்துக்குக் கொத்தி எடுத்தோம். செங்கல் உடையவில்லை, கலவை இணைப்பு வழியாகவே ஓடுகிறது. ஸ்க்ரூ அடித்தாயிற்று. காலை 6 மணிக்கு 101.3 மி.மீ. மாலை 4 மணிக்கு 101.2. அறைக் கதவு இந்த வருஷம் மேலே இடிக்கிறது, அதையும் சொல்ல மறந்துவிட்டேன்.

ஓய்வு_ஏ.இ | 12 ஜூன், காலை 6:30

0.1 என்பது உங்கள் கை நடுக்கமாகக்கூட இருக்கலாம். தளத்தின் சூடு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

கதவு இடிப்பது நல்ல துப்பு. கொத்தனாரிடம் இரண்டு வேலை சொல்லுங்கள். ஒன்று, டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, வெளியே பேஸ்மட்டத்தின் மேல்வரியை வீட்டைச் சுற்றி அளக்கட்டும். கட்டும்போது அது மட்டமாகத்தான் இருந்திருக்கும், இன்று எந்த மூலை தாழ்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு, அந்த மூலையில் தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கட்டும். சுவர் சாய்வது வருஷத்துக்கு வருஷம் கூடுகிறதா என்பதுதான் நான் உண்மையில் பயப்படுகிற விஷயம்.

ரவி_அண்ணாநகர் | 12 ஜூன், காலை 9:20

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் ஹால் விரிசலுக்கு மணி அண்ணன் சொன்ன ஃபைபர் டேப் ஒட்டியாகிவிட்டது. கீழே கார் பார்க்கிங் தூணிலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது, ரொம்ப மெல்லிசு, அரை மி.மீ.கூட இல்லை. அங்கேயும் ஒரு டேப் ஒட்டச் சொல்லட்டுமா? படம் 7.

ஓய்வு_ஏ.இ | 12 ஜூன், காலை 9:34

ஒட்டாதீர்கள்! படத்தில் கோட்டின் ஓரத்தில் பழுப்புக் கறை தெரிகிறது. தூணின் முனைக்கு இணையாக மேலிருந்து கீழே ஓடுகிறது, அதாவது உள்ளே கம்பி நிற்கிற கோட்டிலேயே. சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், பொக்கென்று கேட்கிறதா?

ரவி_அண்ணாநகர் | 12 ஜூன், இரவு 7:50

முழங்கால் உயரம் வரை பொக்கு. வாட்ச்மேன் தினமும் அங்கே நின்றுதான் ஹோஸ் போட்டு கார் கழுவுகிறார்.

நிலா_ஸ்ட்ரக்சுரல் | 12 ஜூன், இரவு 9:10

ரவி சார், இந்த இழையில் இதுவரை வந்த படங்களில் முதலில் ஆள் போய்ப் பார்க்க வேண்டியது உங்களுடையது. கம்பி துருப்பிடித்தால் முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், மேலிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். நீங்கள் பார்க்கும் மெல்லிய கோடு அதன் ஆரம்பம். வாசுகி அக்கா வீட்டில் சுவர் 4 மி.மீ. பிரிந்தாலும் பாரத்தைத் தாங்க மீதிச் சுவர் முழுக்க இருக்கிறது. உங்கள் வீட்டில் மாடிகளின் பாரம் எல்லாம் அந்தச் சில தூண்களில்தான் நிற்கிறது. உடனே இடிந்துவிடும் என்று சொல்லவில்லை. கொத்தி, கம்பி எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் மேலே சிமென்ட் மெழுகிவிடாதீர்கள். தண்ணீர் தேங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

ரவி_அண்ணாநகர் | 12 ஜூன், இரவு 9:25

குடியிருப்போர் சங்கத்தில் சொன்னால் முதல் கேள்வி "யார் பணம்?" என்றுதான் வரும். சரி, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சொல்கிறேன்.

வாசுகி | 2 ஜூலை, மாலை 6:00

டியூப் லெவல் பார்த்தாயிற்று. தென்கிழக்கு மூலையை மட்டமாக வைத்தால் வடமேற்கு 14 மி.மீ. தாழ்வு. மற்ற இரண்டு மூலையும் 3, 4 என்று நடுவில் வருகின்றன. தூக்குக்குண்டில் பத்தடி உயரத்துக்கு 6 மி.மீ. வெளியே சாய்வு. அதில் எவ்வளவு அன்றைய கொத்தனார் கைவரிசை, எவ்வளவு இப்போது சாய்ந்தது என்று தெரியாது. ஸ்க்ரூ அளவு 101.7.

அந்த மூலையில் அஸ்திவாரம் வரை ஒரு குழியும் தோண்டினோம். கருங்கல் கட்டு, மூன்றரை அடிதான். பேஸ்மட்டத்தில் சுவர்களைச் சுற்றிப் பிடிக்கும் பெல்ட் கான்கிரீட் போடவில்லை. அதற்குக் கீழேயும் கரிசல்தான். குழியின் பக்கவாட்டில் மண்ணில் இருந்த வெடிப்பில் என் விரல் முழுசாக உள்ளே போனது, அஸ்திவாரத்தின் அடிக்கும் கீழே வரை அது போகிறது.

ஓய்வு_ஏ.இ | 2 ஜூலை, இரவு 7:40

அந்த வெடிப்பு சுவரில் இருப்பதைவிட முக்கியம். கரிசலில் கோடைக்கும் மழைக்கும் நடுவே மண் அசைகிற ஆழம் மூன்றரை மீட்டர் வரைகூடப் போகும். உங்கள் அஸ்திவாரம் ஒரு மீட்டர். அசைகிற மண்ணுக்குள்தான் நிற்கிறது. ரூர்க்கியில் சி.பி.ஆர்.ஐ. என்ற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த, நிலத்துக்குள் தூண் மாதிரி இறங்கி அடியில் குடை மாதிரி அகலும் அண்டர்ரீம்டு பைல் இதற்காகத்தான். அசையாத ஆழத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளும். கட்டும்போது போட்டிருக்க வேண்டியது, இருக்கிற வீட்டுக்கு அடியில் போடுவது பெரிய செலவு.

தூரிகை மணி | 2 ஜூலை, இரவு 8:15

மரத்தை வெட்டிட்டா?

நிலா_ஸ்ட்ரக்சுரல் | 2 ஜூலை, இரவு 8:50

அவசரப்பட்டு வேண்டாம் மணி அண்ணா. வேர் உறிஞ்சுவது நின்றால் அந்த மண் மறுபடி ஈரம் பிடித்து உப்பும். மூலை மேலே வரும், சில வீடுகளில் முன்பு இருந்ததைத் தாண்டியும் போய், எதிர்த்திசையில் புது விரிசல் வந்துவிடும். கிளையைக் கழித்து விடலாம், மரம் குடிக்கும் தண்ணீர் குறையும்.

தூரிகை மணி | 2 ஜூலை, இரவு 9:05

அப்போ வாழைக்குப் போற தண்ணியில பாதியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டா?

ஓய்வு_ஏ.இ | 3 ஜூலை, காலை 6:20

சிரித்துவிட்டேன், ஆனால் யோசனையில் பாதி நியாயம் இருக்கிறது. வேண்டியது நாலு பக்கமும் ஒரே மாதிரி ஈரம். அஸ்திவாரத்தின் ஓரத்தில் தண்ணீரை ஒரு நாள் விட்டு ஒரு மாசம் மறந்தால் நிலைமை மோசமாகும். சமையலறைத் தண்ணீரைக் குழாய் வைத்து வீட்டைவிட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். வீட்டைச் சுற்றி ஆறடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாக, கீழே தடித்த பாலிதீன் ஷீட் விரித்து நடைபாதை போட வேண்டும். வெயிலில் ஓரத்து மண் காய்வதும் குறையும், மழைத் தண்ணீர் இறங்குவதும் குறையும்.

வாசுகி | 1 அக்டோபர், காலை 11:00

102.4. மேலே விரிசலுக்குள் ஐந்து ரூபாய் நாணயம் ஓரமாக நுழைகிறது. நடைபாதை இன்னும் போடவில்லை, தண்ணீர்க் குழாய் மட்டும் மாற்றியாயிற்று.

வாசுகி | 30 டிசம்பர், இரவு 8:30

17, 18-ஆம் தேதி மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் ஊரிலும் விடாமல் கொட்டியது, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. இன்று காலை 100.2. ஜன்னல் பக்கத்தில் விரிசல் கண்ணுக்கே தெரியவில்லை, மேலே ஒன்றரை மி.மீ. மாதிரி நிற்கிறது. கதவு இடிப்பதும் நின்றுவிட்டது.

இப்போது உண்மையான கேள்வி. தம்பி மாடி கட்ட வேண்டும் என்கிறான். அதற்காகத்தான் இத்தனையும் கேட்டேன். கட்டலாமா?

ஓய்வு_ஏ.இ | 31 டிசம்பர், காலை 6:45

இதை மே மாசமே சொல்லியிருந்தால் என் முதல் வரி வேறாக இருந்திருக்கும் அம்மா! இருக்கிற வீடாக மட்டும் பார்த்தால், விரிசல் மண்ணோடு திறந்து மூடுகிறது. நடைபாதை போட்டு, மரத்தைக் கழித்து, குடியிருக்கலாம். மாடியும் ஏற்றினால் பாரத்தால் மண் அமுங்கி அசைவு குறையும் என்று சிலர் சொல்வார்கள், இந்த மண்ணில் அது கொஞ்சம் நடக்கவும் செய்யும். ஆனால் பெல்ட் இல்லாத கருங்கல் அஸ்திவாரத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நிலா_ஸ்ட்ரக்சுரல் | 31 டிசம்பர், காலை 10:20

நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. இவ்வளவு மழைக்குப் பிறகும் மேலே ஒன்றரை மி.மீ. மீதி இருக்கிறது. உதிர்ந்த கலவை இடையில் விழுந்து முழுசாக மூட விடாமல் தடுத்திருக்கலாம். இல்லை, ஒவ்வொரு வருஷமும் மூலை கொஞ்சம் இறங்கி, முழுசாகத் திரும்பாமல் நிற்கலாம். முதலாவது என்றால் ஐயா சொல்வதுபோல் குடியிருக்கலாம். இரண்டாவது என்றால் மாடி இல்லாமலேயே அந்த மூலைக்கு அடியில் வேலை பார்க்க வேண்டும். 2024 அக்டோபர் அளவு 102.4-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும், அதுவும் மழை எப்படி என்பதைப் பொறுத்தது. மாடி வேண்டுமென்றால் மண் பரிசோதனை செய்து, தனித் தூண்களைப் பைலில் நிறுத்தி, பழைய சுவர்மேல் பாரம் இறங்காமல் கட்டுகிற வழி இருக்கிறது. தம்பிக்குச் செலவைச் சொல்லிப் பாருங்கள்.

ரவி_அண்ணாநகர் | 31 டிசம்பர், பகல் 1:15

எங்கள் தூணைக் கொத்திப் பார்த்தார்கள். கீழே மூன்றடிக்குக் கம்பி செதிலாக உதிர்கிறது, இரண்டு வளையம் அறுந்தே போயிருக்கிறது. இப்போது முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துத் தூண்களையும் பார்க்க வேண்டும் என்று எஞ்சினியர் சொல்கிறார், செயலாளர் "ஒன்றே போதும்" என்கிறார். சண்டை நடக்கிறது.

தூரிகை மணி | 31 டிசம்பர், மாலை 4:00

வாசுகி மேடம், பொங்கல் வருது. இந்தத் தடவை அந்தச் சுவருக்கு என்ன செய்ய?

நிலா_ஸ்ட்ரக்சுரல் | 31 டிசம்பர், மாலை 4:40

சிமென்ட், பட்டி எதுவும் உள்ளே திணிக்காதீர்கள் அண்ணா. இப்போது மூடியிருக்கும்போது அடைத்தால் சித்திரையில் ஓரம் பிரியும். திறந்திருக்கும்போது கெட்டியாக அடைத்தால் அடுத்த மழையில் மூட இடமில்லாமல் பூச்சைப் பிதுக்கித் தள்ளும். வெளிப்பக்கம் மழை இறங்காமல் இருக்க, இழுத்தால் நீளும் சீலன்ட் மட்டும் போடுங்கள். உள்ளே அப்படியே விட்டுவிடுங்கள், ஸ்க்ரூ தலை மேல் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரிகை மணி | 31 டிசம்பர், மாலை 4:52

ஸ்க்ரூவுக்கு டேப் சுத்திடறேன். அதுக்கு மட்டும் ஃபைபர் டேப் வேண்டாம்ல?